ஒன்பதாவது கிளிப்

எடெல்மிரா கார்க் கதவுகளைத் திறப்பவள். கதவைத் திறப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், கதவின் உள்பக்கத்து பிளாஸ்டிக் பேனலை ஒருமுறையாவது தாங்களே கழற்றப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உலகத்தின் தென்கோடி ஊரான புந்தா அரேனாசில் அந்தப் பேனலுக்குப் பின்னால்தான் எல்லாக் குளிர்காலமும் போய் ஒளிந்துகொள்கிறது. கண்ணாடி ஏற்றி இறக்கும் கம்பி, மோட்டார், தேங்கிய தண்ணீர், பனிக்கட்டி. அவற்றைத் தொட வேண்டுமென்றால் முதலில் பேனல் வர வேண்டும். பேனலைப் பிடித்திருப்பவை சுண்டுவிரல் நுனியளவு கிளிப்புகள். குளிரில் அவை காய்ந்த ரொட்டி மாதிரி முறியும்.

அவளும் நானும் ஒரே தகரக் கொட்டகையைப் பங்கு போட்டிருக்கிறோம். வாசல் பக்கம் என் டயர்கள். உள்ளே, விறகு அடுப்புக்குப் பக்கத்தில், அவளுடைய காபி டின்கள். நாற்பது டின்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வகைக் கிளிப். எந்த டின்னிலும் எழுத்து கிடையாது. கையை விட்டுத் துழாவி, பார்க்காமலே எடுப்பாள்.

வடக்கே தீவில் இருக்கும் கெய்யோனிலிருந்து பதினெட்டு வயதில் கப்பலில் வந்தவள். பதினோரு வருடம் நண்டுத் தொழிற்சாலையில் இருந்தாள். பெரிய நண்டின் காலிலிருந்து சதையை முழுதாக உருவி எடுப்பது அவள் வேலை. உடைந்தால் மட்ட ரகம், முழுதாக வந்தால் உயர் ரகம். ஓட்டில் எங்கே அழுத்தினால் சதை தானாக நழுவும் என்பதை விரல் கற்றுக்கொண்டது. பிறகு ஒரு கார்ப் பட்டறையில் சேர்ந்தாள், அதன்பின் இங்கே. எடெல்மிரா கிளிப் உடைத்ததே இல்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சை அதிகம் பரப்பியவர், மரியாதைக்காக எல்லோரும் சென்யோரா என்று கூப்பிடும் ஓர்ஃபெலினா.

ஓர்ஃபெலினாவுக்கு இரண்டு ஷேர் டாக்சிகள் சொந்தம். அதில் ஒன்றை நோல்பெர்த்தோ ஓட்டினான். ஐம்பது வயது, பெரிய உடம்பு, தெருவில் தெரிந்த முகம் எதைக் கண்டாலும் கையாட்டாமல் போகாதவன். ஓர்ஃபெலினா வியாழக்கிழமைதோறும் மதியம் பன்னிரண்டு மணிக்குக் காரைப் பார்வையிடுவார். கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் உட்புறம் முழுக்கத் தடவிப் பார்ப்பார். ஒரு கோடு தட்டுப்பட்டால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அவனுக்கு முன்னால் ஓட்டியவன் ஒரு சிகரெட் சூட்டுக்காகப் போனான். அவனுக்கும் முன்னால் ஓட்டியவன் ஸ்குரூ டிரைவர் கீறலுக்காக.

குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலை மாதத்து வியாழன் அது. காலை ஒன்பதரைக்கு நோல்பெர்த்தோ காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி இல்லை. குப்பைப் பையை ஒட்டியிருந்தான். காற்றில் அது படபடத்தது.

"என்ன பண்ணீங்க?" என்றாள் எடெல்மிரா.

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா உள்ள விழுந்துச்சு."

"கண்ணாடி உறைஞ்சு ரப்பரோட ஒட்டியிருந்தப்ப பொத்தான அமுக்குனீங்களா?"

அவன் அடுப்பைப் பார்த்தான். "ரொக்கே போயிட்டிருந்தான். ஒரு வணக்கம் சொல்லலாம்னு."

"ஒரு வணக்கத்துக்கு ஒரு கண்ணாடி," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க வெசினோ," என்றாள் எடெல்மிரா. பக்கத்து ஆள் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "உள்ள கண்ணாடியத் தாங்குற பிளாஸ்டிக் இடுக்கி உடைஞ்சிருக்கும். பழைய கதவு ஒண்ணு கிடக்கு, அதுல இருந்து எடுத்துப் போடலாம். பன்னிரண்டுக்குள்ள முடியும்."

"கோடு ஏதும் விழாதுல்ல?"

அவள் காரை அடுப்பை ஒட்டி விடச் சொல்லி, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, மாத்தே இலைத் தேநீர் குடிக்க உட்கார்ந்தாள்.

"நேரமாகுதே," என்றான் நோல்பெர்த்தோ.

"கதவுக்குக் குளிரு போகட்டும். உங்களுக்கும்தான்."

அரை மணி நேரம் கழித்து எழுந்தாள். கைப்பிடிக் குழியில் சின்ன மூடி ஒன்று, அதற்குள் ஒரு திருகு. கதவை இழுக்கும் பள்ளத்தில் இன்னொன்று. பொத்தான் கட்டையைத் தூக்கி வயரைப் பிரித்தாள். இரும்பின் ஓரத்திலும் பேனலின் ஓரத்திலும் காகித டேப் ஒட்டினாள். பிறகு பாம்பு நாக்குபோல் பிளந்த பிளாஸ்டிக் நெம்பியை எடுத்தாள். என்னிடம் தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கொடுத்தாள். அது என் நிரந்தர உத்தியோகம்.

"ஒரே இடத்துல காட்டாதீங்க. ஆட்டிக்கிட்டே இருங்க. கை பொறுக்குற சூடு போதும்."

கீழ் மூலையில் தொடங்கினாள். விரலால் ஓரத்தைச் சற்றே விரித்து, கிளிப் எங்கே என்று பார்த்து, நெம்பியின் இரண்டு நாக்குகளும் அதன் தண்டுக்கு இருபுறமும் வரும்படி நுழைத்தாள். இரும்பின்மேல் ஒரு தட்டையான மரத்துண்டை வைத்து, அதன்மேல் நெம்பியைச் சாய்த்தாள். டொக். ஒன்று. அடுத்ததற்கு நகர்ந்தாள். ஒருமுறைகூட ஓரத்தைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் விசை கிளிப்புக்குப் போகாமல் பேனலுக்குப் போகும். கிளிப் உடைந்தால் வேறு போடலாம். அதன் தலை உட்கார்ந்திருக்கும் கூடு பேனலோடு ஒட்டிய உறுப்பு. அது பிய்ந்தால் பேனலே போயிற்று.

எட்டு டொக் கேட்டது. ஒன்பதாவது கேட்கவில்லை. பூட்டின் பக்கம், நடு உயரத்தில் இருந்த கிளிப் அது. நெம்பினாள். அசையவில்லை. என்னை மேலும் சூடு காட்டச் சொன்னாள். மறுபடி நெம்பினாள். பேனல் அந்த இடத்தில் குழியத் தொடங்கியது. உடனே கையை எடுத்துவிட்டாள்.

"ஒரு இழுப்பு இழுத்தா வந்துடும்," என்று நோல்பெர்த்தோ பின்னாலிருந்து கையை நீட்டினான். அவள் பார்க்காமலேயே அந்தக் கையில் ஒன்று போட்டாள்.

"போய் அங்க உக்காருங்க."

டார்ச்சையும், பல் டாக்டர்கள் வைத்திருப்பதுபோன்ற குட்டிக் கண்ணாடியையும் இடுக்கில் நுழைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பில் தேவையில்லாமல் ஒரு விறகைப் போட்டாள்.

"என்னவாம்?" என்றேன்.

"பசை. முன்கண்ணாடி ஒட்டுற கறுப்புப் பசை. எவனோ கிளிப்பச் சுத்தி அப்பியிருக்கான்."

"எந்தக் கழுதை?"

"இந்தக் கழுதைதான்," என்றாள் தாழ்ந்த குரலில்.

அது அவள் பட்டறையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் நடந்தது. ஒரு கிளிப்பில், துளையைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு இறகுகளில் ஒன்று அவள் கையில் முறிந்துவிட்டது. அந்த வகை கிளிப் ஊரில் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பசையை வைத்து அமுக்கிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த வகையும் இல்லாமல் போகக் கூடாது என்று டின்களை நிரப்ப ஆரம்பித்தாளாம். பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரியாது.

"அந்தக் கார்தானா இது?"

"அப்ப சென்யோராவே ஓட்டிட்டிருந்தாங்க."

மணி பதினொன்று. சூட்டுக்கு அந்தப் பசை இளகாது. கத்தி விட்டால் பெயிண்ட் போகும். எடெல்மிரா என் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அங்கே என் தூண்டில் தொங்கியது.

"வெசினோ, அது பின்னல் நூல்தானே?"

"புது நூல். வசந்தத்துக்குன்னு வாங்கினது."

"ஒரு முழம் போதும்."

நூலின் இரு முனைகளையும் இரண்டு மரக்குச்சிகளில் சுற்றிக்கொண்டாள். இடுக்கின் மேலிருந்து இறக்கி, பேனலுக்கும் இரும்புக்கும் நடுவே, பசையின் முதுகில் வைத்தாள். ஒரு முனையை அவள் பிடித்தாள். மறுமுனை என்னிடம். இழுத்து விட்டு, இழுத்து விட்டு, அவசரமில்லாமல். கண்ணை மூடிக்கொண்டாள். பசையை அறுக்கும்போது நூல் மந்தமாக, சேற்றில் நடப்பதுபோல் போனது. திடீரென்று எதிலோ முட்டி நின்றது.

"இதுதான் தண்டு. நிறுத்துங்க. இனி கீழ இருந்து மேல."

கீழ்ப்பக்கம் பாதி அறுத்திருந்தபோது கொட்டகைக் கதவு காற்றில் அடித்தது. ஓர்ஃபெலினா உள்ளே வந்தார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. பஸ் நிறுத்தத்தில் யாரோ குப்பைப் பையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

நோல்பெர்த்தோ எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். அவர் அவனைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் வந்து நின்று, கையுறையைக் கழற்றினார்.

எடெல்மிரா நிமிரவில்லை. இன்னும் நாலு இழுப்பு இழுத்தாள். நூலை உருவினாள். நெம்பியை நுழைத்து, மரத்துண்டின்மேல் மெதுவாகச் சாய்த்தாள். சத்தமில்லாமல் வந்தது. பேனலை மேலே தூக்கி, ஜன்னல் விளிம்பிலிருந்து விடுவித்து, கம்பளிமேல் கிடத்தினாள். கூடு முழுதாக இருந்தது. அதில் ஒற்றை இறகோடு ஒரு கிளிப், கறுப்புப் பசைக் கட்டியோடு.

"இது என்ன அசிங்கம்?" என்றார் ஓர்ஃபெலினா. இப்போதுதான் நோல்பெர்த்தோவைத் திரும்பிப் பார்த்தார். "இது உன் வேலையா?"

அவன் தொப்பியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டு முன்னே வைத்தான்.

"என் வேலை சென்யோரா," என்றாள் எடெல்மிரா. "நீங்க ஓட்டிட்டிருந்தப்ப. முதல் வருஷம். உடைச்சேன், ஒட்டுனேன், சொல்லல."

ஓர்ஃபெலினா அந்த ஒற்றை இறகை உற்றுப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா ஊர்பூரா சொல்லிட்டிருக்கேன், இவ ஒண்ணுகூட உடைச்சதில்லன்னு. இனிமே என்னத்தச் சொல்றது?"

"ஒண்ணே ஒண்ணு உடைச்சிருக்கான்னு சொல்லுங்க."

ஓர்ஃபெலினா குனிந்து பேனலின் ஓரம் முழுக்க விரலால் தடவினார். பூட்டுப் பக்கம் இரண்டு தடவை. பிறகு இரும்பை. டேப்பை உரித்துவிட்டு அதன் அடியிலும்.

"கண்ணாடி ஏன் விழுந்துச்சு?"

நோல்பெர்த்தோ எடெல்மிராவைப் பார்த்தான். அவள் டின் ஒன்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"உறைஞ்சிருந்தப்ப அமுக்கிட்டேன் சென்யோரா. ரொக்கேக்கு வணக்கம் சொல்ல."

"எந்த ரொக்கே? மீன்கடையா?"

"ஆமா."

"அந்த ஆளுக்கா?" என்றார் ஓர்ஃபெலினா. அதில்தான் அவருக்கு உண்மையான வருத்தம் இருந்ததுபோல் பட்டது. கையுறையை மாட்டிக்கொண்டார். "கோடு இல்ல. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். அக்டோபர்ல பனி விடுற வரைக்கும் அந்தப் பொத்தானைத் தொட்டா கைய ஒடிப்பேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்த ஒரு கதவுதான் ஜல்லி ரோட்டுல சத்தம் போடாம இருந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிக்கும். மத்ததுக்கும் பசை வைக்க முடியுமா?"

"முடியாது சென்யோரா."

"கேட்டேன். அவ்வளவுதான்."

எடெல்மிரா இடுக்கியை மாற்றினாள். பசை மிச்சத்தைப் பிளாஸ்டிக் சீவுளியால் சுரண்டினாள். புதுக் கிளிப்பைக் கூட்டில் செருகி, ஒன்பதையும் துளைக்கு நேராக வைத்து உள்ளங்கையால் ஒவ்வொன்றாக அமுக்கினாள். கண்ணாடி ஏறியது. பொத்தானின்மேல் காகித டேப்பைக் குறுக்கே ஒட்டினாள். உடைந்த கிளிப்பை என்ன செய்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நோல்பெர்த்தோ எங்கள் கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்துவான். பயணிகள் உள்ளே திட்டுவது வெளியே கேட்கும். காற்றில் பிய்ந்து போகாதபடி ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பொத்தானைத் தொடாமல் கதவையே முழுதாகத் திறந்து, மறுகையை ஆட்டி வணக்கம் சொல்லிவிட்டுப் போவான்.