மதிப்பீட்டாளர் எண்ணாத வயல்கள்

அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டரில்தான் அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். சித்தேரி மலையில் சாமை ரகங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை ஆய்விதழ் நிராகரித்திருந்தது. மதிப்பீட்டாளர்கள் இருவர். பெயர் சொல்ல மாட்டார்கள். முதலாமவர் சில்லறைத் திருத்தங்கள் கேட்டிருந்தார். இரண்டாமவர் ஒரே வெட்டாக வெட்டியிருந்தார்: ‘ஒவ்வொரு விவசாயியும் ஒவ்வொரு ரகத்தையும் ஒரே ஒரு துண்டில்தான் விதைத்திருக்கிறார். சோதனை மறுபடி செய்யப்படவில்லை. இந்த ஒப்பீடு செல்லாது.’

கட்டுரை ஏற்கப்படாமல் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியாது என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தவறினால் அத்தனை வருடப் படிப்பும் பாதியில் நின்றுவிடும்.

எனக்கு உடனே ஒரு முகம் தெரிந்தது. ஒரு கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து, “ஒரு வயல்ல ஒரு துண்டுதானா? அப்புறம் ரெப்ளிகேஷன் எங்கய்யா?” என்று கேட்டுச் சிரித்திருந்தார். அவருடைய ஆய்வும் சிறுதானியத்தில்தான். இரண்டாமவர் அவரேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் சோதனையில் ரெப்ளிகேஷன், அதாவது மறுபடி செய்வது, வயலுக்குள் இல்லை, வயலுக்கு வயல் இருந்தது. மலைக்காரர்களின் வயலில் மூன்று ரகத்தையும் நாலைந்து தடவை திருப்பி விதைக்க இடம் ஏது? ஆகவே பதினெட்டு பேரின் வயல்களில் ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்கி, அவர்களுடைய ஊர் ரகம் உட்பட ஒவ்வொரு ரகத்தையும் ஒரு துண்டில் போட்டோம். ஒரு வயல் ஒரு முறை. பதினெட்டு வயல் பதினெட்டு முறை.

எந்தத் துண்டில் எந்த ரகம் என்பதற்குக் கம்ப்யூட்டரில் பட்டியல் எடுத்துக்கொண்டு போனேன். ஊர் அதை நம்பவில்லை.

“நீங்க வூட்டுலயே எழுதிக்கினு வந்தா எப்பிடிங்க? உங்க வெதைய நல்ல மண்ணுல போட்டுட்டு, எங்க வெதைய பாறை மேல போடுவீங்க,” என்றார் ஒருவர்.

“இவரு போடுவாருங்கறேன். ஆளப் பாத்தாலே தெரியல?” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் ஒவ்வொரு வயலிலும், அந்த வயல்காரர் கண்ணெதிரே, அவருடைய தோள் துண்டிலேயே சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். அவர்கள் சந்தேகப்பட்டதால்தான் அந்தச் சோதனையில் யாருடைய கையும் புகவில்லை. இதெல்லாம் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இருந்தது.

அன்றே ஆய்விதழின் ஆசிரியருக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ‘மதிப்பீட்டாளர் யாரென்று எங்களுக்குத் தெரியும்’ என்றே ஒரு வரி. அனுப்புவதற்கு முன் என் வழிகாட்டியான மேடத்திடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார்.

“தெரியுமா உனக்கு?”

“அவர்தான் மேடம். அதே கேள்வி.”

“அந்தக் கேள்வியை நானும்தான் உங்கிட்ட மொத வருஷம் கேட்டேன். அப்ப நானா?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஆசிரியருக்கு உன் கோவம் எதுக்குப்பா? அவரு கேட்டது கட்டுரையில எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டு. அவ்வளவுதான்.”

புதிதாக எழுதினோம். மதிப்பீட்டுக்கு நன்றி. மற்ற குறைகளை மறுக்கவில்லை. நிராகரிப்புக்கான முக்கியக் காரணம் மட்டும் சோதனை அமைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்ததாகத் தோன்றுகிறது. இன்ன பக்கம், இன்ன வரி. அங்கே ஒவ்வொரு வயலும் ஒரு மறுமுறை என்று சொல்லியிருக்கிறோம். கணக்கும் அப்படியே செய்யப்பட்டிருக்கிறது. எங்கள் நடை தெளிவில்லாமல் இருந்திருந்தால் வரைபடம் சேர்த்துத் திருத்துகிறோம். புள்ளியியல் தெரிந்த ஒருவர் இதைப் பார்க்க முடியுமா? உங்கள் முடிவு எதுவானாலும் ஏற்கிறோம். அந்தக் கடைசி வரியை அடிக்க மேடத்திடம் கெஞ்சினேன். விடவில்லை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அரூருக்குப் பஸ் ஏறினேன். பதிலே இல்லை. ஆசிரியரும் அந்தப் பேராசிரியரும் ஒன்றாகப் படித்தவர்களோ? மேடம்கூட ஏன் இவ்வளவு பணிவாக எழுத வைத்தார்?

அப்பா பள்ளிக்கூடமே போகாதவர். வீட்டில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “என்னா தம்பி, பெயிலாக்கிட்டானுங்களா? எவனாச்சும் எதையாச்சும் எதிர்பாக்குறானா?”

“அதெல்லாம் இல்லீங்கப்பா. கட்டுரையப் பாத்தவரு சரியாப் படிக்கல.”

“படிச்சவனே படிக்கலியா?” என்று எழுந்து மாட்டைக் கட்டப் போய்விட்டார்.

ஒருவழியாகப் பதில் வந்தது. புள்ளியியலாளர் ஒருவர் பார்த்து, அமைப்பு சரிதான் என்று எழுதியிருந்தார். நிராகரிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது; வயல் வரைபடம் சேர்த்துத் திருத்தி அனுப்பச் சொன்னார்கள். கூடவே இரண்டாமவரின் ஒரு குறிப்பு: ‘வயல்களையே மறுமுறைகளாகக் கொண்டதை நான் கவனிக்கவில்லை. என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்.’ அவ்வளவுதான். அந்தக் குறிப்பை, அந்தப் பேராசிரியரின் குரல் எங்காவது கேட்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

திருத்திய கட்டுரை ஏற்கப்பட்டு, கெடுவுக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு வீடு வந்தேன். அப்பா கேட்டார்: “அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?”

“இல்லீங்கப்பா. சொல்ல மாட்டாங்க.”

“அப்ப அடுத்ததும் அவங்கிட்டயே போகுமா?”

“போகலாம்.”

“சரி, சாப்பிடு,” என்றார்.