மூன்றாம் நாள் வராத நினைவூட்டல்

அலுவலகத்தில் அவளுக்குக் 'கறார் அக்கா' என்று பெயர். மின்னஞ்சல் செயலி ஒன்றைச் செய்யும் கம்பெனி அது. யாராவது ஒரு புது வசதியை எழுதி முடித்தால், அது அவள் மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அவள் சோதித்துச் 'சரி' என்று சொல்கிறவரை, எழுதியவர்களுக்கு டீ கூட இறங்காது. அவ்வளவு கறார்.

கடைசியாக அவள் சோதித்தது 'பதில் வராத கடிதம்' வசதி. ஒருவருக்கு மெயில் அனுப்பும்போதே, இத்தனை நாளில் பதில் வராவிட்டால் ஞாபகப்படுத்து என்று சொல்லி வைக்கலாம். அதுவரை பதில் இல்லையென்றால், அனுப்பிய அந்த மெயிலே இன்பாக்ஸின் உச்சியில் வந்து நிற்கும். பக்கத்தில் ஒரு சின்ன வரி: 'பதில் வரவில்லை. மறுபடி எழுதலாமா?' அனுப்பியவர் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். எதிராளிக்கு ஒன்றும் போகாது. நடுவில் அதே மெயிலுக்குப் பதில் வந்துவிட்டால் நினைவூட்டல் சத்தமில்லாமல் ரத்தாகிவிடும். விஷயம் இவ்வளவுதான். இதைப் போட்டு மாதக்கணக்கில் அவள் புரட்டி எடுத்தாள். தனக்குத்தானே ஆயிரம் மெயில் அனுப்பினாள், தானே பதில் போட்டாள், தானே போடாமலும் இருந்து பார்த்தாள். வீட்டிலும் அதே கதைதான் என்று வையுங்கள். பேசுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

கல்யாணம் கூடி வரவில்லை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. அப்பாவை அவள்தான் பார்த்தாள். ஒரே தம்பி, வேலை வேலை என்று வெளியூரிலேயே இருந்துவிட்டு, எல்லாம் முடிந்த அன்று காலையில் வந்து இறங்கினான். வாசலில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவள் கேட்டுவிட்டாள்: "வா, வா. பொணத்துக்கு வந்த விருந்தாளியா நீ?" அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் போனவன்தான், அப்புறம் பேச்சே இல்லை. கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா?

இப்போது அவளுக்குப் பித்தப்பையில் கல். வெள்ளிக்கிழமை அறுவை. கூட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து மேசைப் பெண், ஊரெல்லாம் 'வாயாடி' என்று கூப்பிடும் அந்த நிரலாளர், கேட்டவுடனே குதித்தாள். "நான் வரேன்க்கா. லீவு போட்டாச்சு. உங்க பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பேன்."

"அதுக்கு மயக்க மருந்தே தேவலை," என்றாள் இவள். ஆனால் மனசு நின்ற இடம் வேறு. அன்று மாலை தம்பியின் ஆபீஸ் முகவரிக்கு எழுதினாள். போன் நம்பர் இருந்தது. பேசினால் குரல் உடைந்து காட்டிக் கொடுத்துவிடுமே என்று பயம். 'வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். நீ வருவாயா?' அவ்வளவுதான் எழுதினாள். மூன்றாம் நாள் காலைக்கு என்று நினைவூட்டல் வைத்தாள். அதுவரை இதைப் பற்றி நினைப்பதில்லை என்று தீர்மானமும் செய்தாள். தீர்மானம் அதன் பாட்டுக்கு. மனசு அதன் பாட்டுக்கு. ராத்திரியும் பகலும் அந்த ஒரு கேள்விதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை மேசைக்கு வந்ததும் இன்பாக்ஸைத் திறந்தாள். நினைவூட்டல் வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. உச்சியில் ஒன்றுமே இல்லை. அந்த வசதி தவறாது, அவளே சோதித்தது. அது வரவில்லையென்றால் பதில் வந்திருக்கிறது! எங்கே வந்திருக்கிறது? வரும் மெயிலைத் தானாகப் பிரித்து வைக்க, அவள் பெட்டியில் சோதனைக்காகப் போட்ட விதிகள் ஏகப்பட்டவை, அதில் ஒன்று ஏதாவது மூலைக்குத் தள்ளியிருக்கும். என்ன எழுதியிருப்பான் என்று அவள் யோசிக்கவே இல்லை. தம்பியைத் தெரியாதா? வர மாட்டேன் என்றால் அவன் வாயையே திறக்க மாட்டான். பதில் போட்டிருக்கிறான் என்றால் வருகிறான் என்றுதான் அர்த்தம்.

"என்னக்கா, முகத்துல பல்பு எரியுது?" என்றாள் வாயாடி.

"நாளைக்கு நீ வர வேணாம்மா. என் தம்பி வரான்." அவள் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள். "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க!"

"அப்பாடி! அப்ப என் லீவை இன்னொருத்தருக்கு விட்டுக் கொடுத்துடறேன், கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்று வாயாடி எழுந்து போனாள். அதற்குள் இவளையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே யார் என்ன பேசினார்களோ, அவள் காதில் ஏறவில்லை. தம்பிக்கு எந்த அறையை ஒழித்துத் தருவது, என்ன சமைத்து வைப்பது என்றே ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் திரும்பி வந்து, அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்துத் திறந்தாள். கீழே பதில் இருந்தது. அவள் அனுப்பிய அதே நிமிடத்தில் வந்த பதில்.

'நான் விடுப்பில் இருக்கிறேன். அடுத்த வாரம் திரும்பியதும் உங்கள் மெயிலைப் பார்க்கிறேன். நன்றி.'

உங்கள் மெயிலாம். நன்றியாம். அவன் எழுதியது இல்லை, அவனுடைய பெட்டி எழுதியது. இப்படி வரும் தானியங்கி மெயில்களையெல்லாம் ஒரு தனிக் கோப்புறைக்குப் போகும்படி அவளே விதி போட்டிருந்தாள். இன்பாக்ஸில் தெரியாமல் போனது அதனால்தான். நினைவூட்டல் நின்றதற்குக் காரணம் அதைவிட மோசம். விடுப்பு அறிவிப்பையும் நம் செயலி பதில் என்று எடுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, முன்பே குறையாக எழுதிக் கொடுத்தவள் இந்த வாயாடிதான். தானாக வரும் மெயிலுக்குள் அதற்கான அடையாளம் ஒன்று இருக்கும், அதைப் பார்த்துத் தள்ளிவிடலாம், எளிதுதான் என்றும் சொன்னாள். கறார் அக்கா என்ன செய்தாள்? 'சில்லறைக் குறை. அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்று போட்டு ஒதுக்கினாள். இதனால யாருக்கும்மா கேடு வந்துடப் போகுது என்று சிரிக்க வேறு செய்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

வாயாடி வந்து திரையை எட்டிப் பார்த்தாள். படித்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, லீவைத் திருப்பிக் கேட்டு வாங்கிடறேன். நான் இருக்கேன்ல?"

"கேளும்மா," என்றாள் இவள். குரல் தழைந்திருந்தது. ஆள் கிடைத்துவிட்டாள், ஆஸ்பத்திரிக் கவலை தீர்ந்தது. ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. அவளுக்கு ஆளா வேண்டியிருந்தது? தம்பி வேண்டியிருந்தது. காலையிலிருந்து மத்தியானம்வரை அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், இப்போது இல்லை.

அவனும் பாவம், மெயிலைப் பார்த்திருக்கவே மாட்டான். அடுத்த வாரம் பார்ப்பான். அதற்குள் எது எப்படியோ. அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள். அங்கே யாரும் வர மாட்டார்கள். எண்ணை அழுத்திவிட்டு, எடுக்காமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று விரல் போன நேரத்தில் எடுத்தான்.

"ஹலோ, யாருங்க?"

அவளுடைய எண்ணைக்கூட அவன் வைத்திருக்கவில்லை. அது சுருக்கென்று தைத்தது. வழக்கமாக இருந்தால் அந்த ஒரு சொல்லுக்கே நாலு வார்த்தை கொடுத்திருப்பாள்.

"நான்தான்டா."

எதிர்முனையில் எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

"நாளைக்கு எனக்கு ஆபரேஷன். அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்குப் பயமா இருக்குடா."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்றான் தம்பி.