குருமூர்த்தி வாங்கிப் போன மூன்று கவுளி வெற்றிலை

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் காளியாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் மறக்காது. இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவர் கணவர் ராசப்பன், சேலத்தில் மகள் வீட்டிலிருந்து ஆகஸ்ட் இருபத்தெட்டில் திரும்புகிறார். இனிக் குந்தி உட்காரக் கூடாது. இங்கோ கழிப்பறையைப் பெயர்த்துப் போட்ட ஒப்பந்தக்காரர் குருமூர்த்தி மூன்று வாரமாகப் போனையே எடுக்கவில்லை.

“மெயில் போடு சாமி,” என்றார் மருமகள் மதுமதியிடம். “மொதப் பறிப்புல ஒரு கவுளி வெத்தலை வாங்கிட்டு, பத்தே நாள்ல முடிச்சுருவேன்னீங்க. ரெண்டாம் பறிப்புல இன்னொரு கவுளி, டைல்ஸ் வண்டி வழியில வருதுன்னீங்க. மூணாவதுலயும் ஒரு கவுளி, பிளம்பர் ஊட்டுல கல்யாணம்னீங்க. அந்தப் புள்ளைக்கு இந்நேரம் வளைகாப்பே வந்திருக்கும்.”

“பறிப்புன்னா அவருக்குப் புரியாதுங்க அத்தை. தேதி போடணும்.”

மதுமதி ஒவ்வொரு பறிப்பன்றும் வந்த வெற்றிலை மண்டிச் சீட்டுகளைப் புரட்டித் தேதிகளைப் போட்டாள்: ஜூன் 3, ஜூன் 25, ஜூலை 17. கீழே புது அட்டவணை: ஆகஸ்ட் 11 பைப், 14 கசிவுத் தடுப்புப் பூச்சு, 17 தண்ணீர் கட்டிச் சோதனை, 20 டைல்ஸ், 24 வெஸ்டர்ன் கோப்பையும் கைப்பிடியும்.

“ஒரு நாள் தள்ளுனாலும் வேற ஆளுன்னு போடு. மரியாதையாப் போடு.”

மறுநாள் காலையில் குருமூர்த்தி பிளம்பரோடு வந்து நின்றார். “இதுக்குப் போயி மெயிலுங்களா? என்னைத் தெரியாதுங்களா?”

“தெரிஞ்சுதானுங்க போடச் சொன்னேன்.”

அன்று நாலாம் பறிப்பு. வழக்கம்போல அவர் பார்வை வெற்றிலைக் கட்டுகள் மேல் போனது.

“உங்க கவுளி இருபத்தி நாலாந்தேதிக்குங்க,” என்றார் காளியாத்தாள்.