முப்பத்தோராம் பக்கத்துக் கேமரா

குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஆன்லைன் விற்பனையும் உண்டு. அதற்காகக் கடையின் கணினிப் பாதுகாப்பைச் சோதித்தவர்கள் நாற்பது பக்கத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை கொடுத்திருந்தார்கள். தென்காசியில் கணினி பழுது பார்க்கும் என்னிடம் அதை நீட்டி, "எது தலைபோற விஷயம்னு ஒரே தாள்ல தமிழ்ல எழுதுலே" என்றார்.

ஆபத்து அதிகமானதை மேலே வைத்து எழுதினேன். அப்டேட் நின்றுபோன பில் கணினி இரண்டாவது. வாடிக்கையாளர்களுக்கும் அந்தக் கணினிக்கும் ஒரே வைஃபை என்பது மூன்றாவது. முப்பத்தோராம் பக்கத்தில் கிடந்த கடைக் கேமராவை முதலில் போட்டேன்.

தாளைப் படித்த அண்ணாச்சிக்குக் கோபம். "ஏலே, கேமராவுல என்ன இருக்கு?"

"கம்பெனி போட்ட பாஸ்வேர்டை நீங்க மாத்தவே இல்ல. எந்த ஊர்ல இருந்தும் உள்ள வந்து இத திருப்பலாம் அண்ணாச்சி."

"அது எப்பவும் தானா திரும்புதுலே. செத்துப் போயும் எங்கப்பா அது வழியா இன்னும் கடையப் பாக்குதாரு." ஆயுத பூசைக்கு அண்ணாச்சி கேமராவுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

"தானா திரும்புத செட்டிங் ஆஃப்ல இருக்கு. நானே பாத்தேன்."

சாரல் தகரக் கூரையில் விழும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். வாசலைப் பார்த்திருந்த சந்தனப் பொட்டு இப்போது எங்கள் பக்கம் இருந்தது.

அண்ணாச்சி மெதுவாகத் தாளைக் கவிழ்த்து வைத்தார். கேமரா இன்னும் கொஞ்சம் குனிந்தது.