கொசுறு முப்பது கிராம்

செங்கமலத்துக்குப் பேரம் பேச யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காடாம்புலியூர் முந்திரி மண்டிக்காரர்களே அவளைக் கண்டால் முனகிக்கொண்டுதான் தராசைத் தூக்குவார்கள். அன்று அவள் முந்திரிப்பருப்புப் பார்சல் மூட்டையோடு வந்து நின்றது நெய்வேலி டவுன்ஷிப் கூரியர் ஆபீசில்.

"போன தீவாளிக்கு மாசம் நூறு பார்சல், சிவக்குமாரு. இப்ப அறநூறு. பத்துக்கு எட்டு தமிழ்நாட்டுக்குள்ளதான் போவுது. எல்லாம் அரைக்கிலோவுக்குள்ள. வழியில போறவன் கட்ற அறுவத்தஞ்ச நானும் கட்டிக்கினு இருக்கணுமா?"

ஆபீஸ் நடத்தும் சிவக்குமார் சிரித்தான். "எவ்ளோன்னு நெனச்சிக்கினு வந்தீங்க?"

"நாப்பது. இல்லன்னா பொங்கலோட கடைய மூட வேண்டிதுதான். ஆன்லைன்ல அவனவன் டெலிவரி ப்ரீங்கறான்."

மூடினால் வீட்டில் அடுப்பெரியாது. புருஷன் கொளஞ்சிநாதன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும் வேலையும் போயிற்று. பர்மனென்ட் ஆளாக இருந்திருந்தாலாவது பென்ஷன், கின்ஷன் என்று ஏதாவது வந்திருக்கும்.

"அறநூறு இருந்தா நாப்பத்திரெண்டுக்கு மேல்ஆபீஸ்ல வாங்கித் தரேங்க்கா. ஆனா எடை சொன்னபடி இருக்கணும்." மூட்டையிலிருந்து ஒரு பார்சலை எடுத்து மெஷினில் வைத்தான். ஐநூற்றுப் பன்னிரண்டு. இன்னொன்று, ஐநூற்று எட்டு.

"என்னக்கா இது? ஐநூறத் தாண்டுனா ஒரு கிலோ ரேட்டு. நான் கண்ண மூடிக்கினு அனுப்புனாலும் சென்னை ஹப்புல மெஷின் காட்டிக் குடுத்துரும்."

பருப்பு நானூறு, கவரும் அட்டைப்பெட்டியும் எண்பது. மிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"பெட்டி வேணாம், வெறும் கவர்ல போடுங்களேன்" என்றான் சிவக்குமார்.

"போய்ச் சேரும்போது மாவாத்தான் சேரும். வுடு, அடுத்த மாசத்துலேந்து ஒண்ணுகூடத் தாண்டாது. எழுதிக்க."

மிச்சம், கொளஞ்சிநாதனின் இடது கை. அவள் எடை போட்டு நகர்த்தும் ஒவ்வொரு கவரிலும், ஒட்டுவதற்கு முன் அவர் ஒரு பிடி போடுவார். கொசுறு. "இது இல்லன்னா மறுபடி எவன் வருவான்?" என்பார். அவரால் செய்ய முடிந்த ஒரே வேலை அது. அந்தப் பிடியை அவள் ஒருநாளும் தராசில் வைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பருப்பை முந்நூற்று எழுபது மட்டும் அளந்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பிடி விழுந்தால் நானூறு சரியாகிவிடும். இரண்டு கவர் போயிற்று. மூன்றாவதில் அவர் தராசைப் பார்த்தார். விழுந்தது கைகால்தான், கண் இல்லை.

"கொறச்சிப் போடுறியா?"

"கூரியர்காரன் எடைய ஏத்தக்கூடாதுங்கறான். என்ன இப்ப? நீங்க போடுறதப் போடுங்க."

"அளவுலேந்தே எடுத்துப் போட்டா அது கொசுறா, செங்கமலம்?"

அவர் பிடியை விரித்துப் பருப்பைத் தட்டிலேயே கொட்டினார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் நானூறு அளந்தாள், தானே ஒட்டினாள். அன்று கட்டியதில் ஒரு பார்சல்கூட ஐநூறைத் தாண்டவில்லை.