நாலு வெள்ளைக் குஞ்சம்

கழுத்தும் கையும் சிவந்து தடித்து இருபது பிள்ளைகள் பள்ளி நர்ஸிடம் வந்தார்கள். எல்லாரும் ஒரே மரத்தடியில் விளையாடியவர்கள். சிவந்த தலை, முதுகில் நாலு வெள்ளைக் குஞ்சம் கொண்ட கம்பளிப்பூச்சிகளை அவள் அங்கே முன்பே பார்த்து, தோழியான தலைமையாசிரியையிடம் சொல்லியிருந்தாள்.

சொறிய விடாமல், தோலில் குத்தியிருந்த பூச்சி முடிகளை ஒட்டுநாடாவால் எடுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்ற வைத்தாள்.

மாலையில் பெற்றோர் கூடினார்கள். "நர்ஸ் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல," என்றாள் தோழி, அவள் முகத்தைப் பார்க்காமலே.



மறுநாள் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினாள். முடி பறக்காதபடி ஈரத்துணியால் வகுப்பைத் துடைக்கச் சொன்னாள். பிறகு எச்சரிக்கையை இந்த முறை காகிதத்தில் எழுதித் தோழியிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க, மேடம்."