எந்தப் பிள்ளையும் ஒரு மதத்தின் பிரதிநிதி இல்லை

திருவண்ணாமலையில் மதங்களைப் பற்றிப் பாடம் எடுப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. ஜன்னலைத் திறந்தால் மலை. ஒரு தொந்தரவும் உண்டு. ஜன்னலைத் திறந்தால் மலை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பல சமயங்களைப் பற்றி எப்படி நடத்துவது என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பயிற்சி என்றால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது என் வழக்கம். அன்று விழித்திருந்தேன். கையில் கொடுத்த வழிகாட்டிக் குறிப்பு அப்படி. மதத்தைப் போதிக்காதே, மதங்களைப் பற்றி நடத்து. 'இதுதான் உண்மை' என்னாதே, 'இவர்கள் இப்படி நம்புகிறார்கள்' என்று சொல். ஒரு மதத்தின் நல்லதை எடுத்து இன்னொன்றின் கெட்டதோடு ஒப்பிடாதே. கடவுளே இல்லை என்பவர்களையும் விட்டுவிடாதே. யாருடைய நம்பிக்கையையும் கேலி செய்யாதே. இந்த வரியில் என் பிழைப்பில் பாதி போயிற்று. அப்புறம், எந்தப் பிள்ளையையும் அதன் மதத்துக்குப் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்தாதே.

பயிற்சிக்குப் போய்வந்தவன் வகுப்பைப் பார்க்க அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"மூணு பிள்ளைங்கள நிக்க வைங்க. ஒண்ணுக்குப் பட்டை, ஒண்ணுக்குச் சிலுவை, ஒண்ணுக்கு முக்காடு. கை கோத்துக்கிட்டு ஒரு பாட்டு. முடிஞ்சிச்சி."

"கூடாதுன்னு குறிப்புல இருக்குங்க சார்."

"குறிப்பு ஃபைல்ல வெக்கறதுக்கு சார். வர்றவருக்குக் கண்ணுல எதனா தெரியணும். உங்க வகுப்புலதான் பாய் பொண்ணு ஒண்ணு இருக்கே, தேடவே வேணாம்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் வந்து நின்றாள். செய்தி என்னைவிட வேகமாக நடந்திருக்கிறது.

"சார், இந்த தபாவும் நானா?"

"ஏன்?"

"ஆறாவதுலயும் நான், ஏழாவதுலயும் நான். மேடைய விட்டு எறங்கினா என்னயே கேள்வி கேக்கறாளுங்க சார். ஏண்டி பொட்டு வெக்கறதில்ல, நோன்புல எச்சில் முழுங்கலாமாடின்னு. எனக்கே பாதி தெரியாது."

"சரி, நீ இன்னா பண்ணணும்ன்ற?"

"பெஞ்சுல உக்காரணும் சார். எல்லாரையும் மாதிரி."

இதைவிடச் சின்னக் கோரிக்கையை எந்த மாணவியும் என்னிடம் வைத்ததில்லை. தருகிறேன் என்றேன்.

அதிகாரி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியர், முக்காடு எங்கே என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டு. நான் கரும்பலகையில் 'நடந்து போகிறவர்கள்' என்று எழுதினேன். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள், மலைமேல் சமணக் கோயிலுக்குப் படியேறுகிறவர்கள், எங்கேயும் போகத் தேவையில்லை என்பவர்கள். கிரிவலம் வருகிறவர்களுக்கு மலை வலக்கைப் பக்கம் இருக்கும்; மக்காவில் காபாவைச் சுற்றுகிறவர்களுக்கு அது இடக்கைப் பக்கம். பிள்ளைகள் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்கள். வகுப்பு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி எழுந்தார். "இங்க முஸ்லிம் பொண்ணு யாரும்மா? எழுந்து சொல்லு, மக்காவில இன்னா பண்ணுவாங்க?"

வகுப்பு மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"நீ உக்காரும்மா" என்றேன். "சார், அந்தக் கேள்விய என்னக் கேளுங்க. பாடம் நடத்தினது நான்."

"தெரிஞ்சத சொல்லட்டுமே சார். பொண்ணு ஒண்ணும் தேஞ்சிடாது."

"சொல்லணும்னு தோணினா அதுவே கை தூக்கும். நாம எழுப்பக் கூடாது சார்."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ ஒரு கடவுளை நினைத்திருக்கலாம், எதுவென்று நான் கேட்கக் கூடாது.

அப்போது அவளே கை தூக்கினாள்.

"சார், மலைய சுத்தறவங்க ஏன் செருப்பு போட்டுக்கறதில்ல?"

உடனே பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "குருக்கள் வூட்டுப் பையனக் கேளுங்க சார்! அவங்கப்பா கோயில்லயே இருக்காரு!"

"அவனையும் எழுப்பக் கூடாது" என்றேன்.

அந்தப் பையன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, இவனும் இத்தனை வருடமாக நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறான் என்று. மலையே சிவன் என்று நம்புகிறவர்கள் பலர், அதனால் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்று நானே சொன்னேன். அவள் அதை எழுதிக்கொண்டாள், பெஞ்சில் உட்கார்ந்தபடியே.

அந்த வாரமே மெமோ வந்தது. அதிகாரியின் கேள்விக்கு மாணவி பதில் சொல்வதை ஏன் தடுத்தேன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"வருத்தம் தெரிவிச்சி ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உங்களுக்கு இந்த வீம்பு ஜாஸ்தி" என்றார் தலைமையாசிரியர்.

இரண்டு வரிதான் எழுதினேன். தடுத்தது உண்மை. இனியும் தடுப்பேன். வழிகாட்டிக் குறிப்பின் நகல் ஒன்றையும் இணைத்தேன், அனுப்பியவர்கள் படிக்கட்டும் என்று.

விளக்கம் திருப்திகரமாக இல்லை, மறுபடி எழுதவும் என்று பதில் வந்தது. மறுபடியும் அதையே எழுதினேன். கையெழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்.